இந்தக் கட்டுரையில் புதிது எது?

1991 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள சான் அன்டோனியோ நகரில் ஹைபர்டெக்ஸ்ட் '91 என்ற மாநாடு நடந்தது. ஓர் ஆவணத்தில் இருக்கும் சொல்லைத் தொட்டால் இன்னோர் ஆவணத்துக்குத் தாவுகிற நுட்பத்தில் ஊறித் திளைத்தவர்கள் கூடும் இடம் அது. ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீயும் ராபர்ட் கையோவும் அந்த மாநாட்டுக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார்கள். தாங்கள் உருவாக்கிய 'வேர்ல்டு வைடு வெப்' பற்றிய கட்டுரை.

நிராகரித்துவிட்டார்கள். மேடையில் இடமில்லை, வேண்டுமானால் ஒரு மேசையில் வைத்து இயக்கிக் காட்டலாம் என்றது மாநாட்டுக் குழு. இருவரும் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஹோட்டலில் இணைய இணைப்பு இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் வழியாகத் தொலைபேசி இணைப்பு பிடிக்க வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து கொண்டுவந்த மோடம் அமெரிக்க மின்சாரத்தில் ஓடவில்லை. அதைப் பிரித்துப் பற்றவைத்து ஓடவிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், அதே மாநாட்டின் செயல்விளக்க மேசைகளில் இருந்த எல்லாமே ஏதோ ஒரு வகையில் வெப் சம்பந்தப்பட்டவையாக மாறியிருந்தன.

கதையை இந்த இடத்தில் நிறுத்தி, மதிப்பாய்வாளர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் நிராகரிப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களை பெர்னர்ஸ்-லீயே பின்னாளில் தன் நூலில் எழுதியிருக்கிறார். கட்டுரை முழுமையாக இல்லை, துறையில் முன்பு நடந்த வேலைகளைப் போதிய அளவு குறிப்பிடவில்லை என்பது ஒன்று. துறை அதுவரை கட்டிக்காத்த வடிவமைப்புக் கொள்கைகளை இந்த அமைப்பு மீறுகிறது என்று ஒரு மதிப்பாய்வாளராவது கருதினார் என்பது இன்னொன்று. முதல் காரணம் கட்டுரையைப் பற்றியது, இரண்டாவது அது சொல்லும் பொருளைப் பற்றியது. இரண்டும் ஒரே தீர்ப்பில் கலந்து போயின.

ஒரு கட்டுரையைப் படித்து, ஏற்கலாமா வேண்டாமா என்று சொல்பவரின் வேலையில் பாதி, இப்படிக் கலப்பவற்றைப் பிரித்து வைப்பதுதான்.

பல அறிவியல் துறைகளில் ஆய்வு முடிவுகள் இதழ்களில் வரும். கணினி அறிவியலில் மட்டும் பெரிய மாநாடுகளுக்குத்தான் மவுசு. மாநாட்டுக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையையும் பெரும்பாலும் மூன்று பேர் படிப்பார்கள். அதே துறையில் வேலை செய்பவர்கள், சம்பளம் கிடையாது, தங்கள் சொந்த வேலைக்கு நடுவே செய்வது. எழுதியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாதபடி பல மாநாடுகள் பெயரை மறைத்துத்தான் அனுப்புகின்றன. கையில் வரும் படிவம் மாநாட்டுக்கு மாநாடு மாறினாலும் மூன்று கேள்விகள் எதிலும் தப்பாது. இந்த மாநாட்டுக்கு இது பொருத்தமா? இதில் புதிது என்ன? அந்தப் புதிது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? கணக்கும் சோதனையும் சரியா என்பது நான்காவது கேள்வி. அது தனிக் கதை.

படிவத்தில் பொருத்தம்தான் முதலில் இருக்கும். அனுபவசாலிகள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவார்கள். காரணம் புரிய வேண்டுமானால் ஒரு கட்டுரையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கட்டுரையை வைத்துக்கொள்வோம். மொழித் தொழில்நுட்ப மாநாடு ஒன்றுக்கு எட்டுப் பக்கத்தில் வந்திருக்கிறது. தமிழ் எழுத்துப்பிழை திருத்தி பற்றியது. சுருக்கம் இப்படித் தொடங்குகிறது: 'தமிழில் முதல்முறையாக, சொல்லை வேராகவும் விகுதிகளாகவும் பிரித்த பின் பிழை திருத்தும் புதிய நரம்பு வலை முறையை முன்வைக்கிறோம்.' பிரச்சினை உண்மையானதுதான். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது தமிழில் ஒரே சொல். இப்படிப்பட்ட சொற்களையெல்லாம் அகராதியில் அடுக்கி வைத்து, இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பிழை கண்டுபிடிக்க முடியாது.

மதிப்பாய்வாளர் முதல் வாசிப்பில் முன்னுரை, அட்டவணைகள், முடிவுரை மட்டும் பார்க்கிறார். பிறகு கட்டுரையை மூடிவிட்டு ஒரு தாளில் இரண்டு வரி எழுத முயல்கிறார்: இந்தக் கட்டுரை வருவதற்கு முன்பு உலகத்துக்குத் தெரியாத எது, இப்போது தெரிகிறது? இந்த இரண்டு வரியை எழுத முடிந்தால் கட்டுரை தன் பங்களிப்பைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எழுத வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று: அவர் சரியாகப் படிக்கவில்லை, அல்லது எழுதியவர்களுக்கே அது தெளிவாகவில்லை.

இங்கே அவருடைய பேனா நின்றுவிடுகிறது. மூன்று விஷயங்கள் போட்டி போடுகின்றன. சொல்லைப் பிரிக்கும் புதிய முறை ஒன்று. பள்ளி மாணவர்கள் கையால் எழுதிய கட்டுரைகளிலிருந்து திரட்டிய, உண்மையான பிழைகள் கொண்ட 5,000 வாக்கியங்கள் இன்னொன்று. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்ட மென்பொருள் மூன்றாவது. சுருக்கம் முதல் விஷயத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. வாக்கியத் தொகுப்பு ஐந்தாம் பக்கத்தில் ஒரு பத்தியோடு முடிந்துபோகிறது.

இரண்டாவது வாசிப்பு நிதானமானது. அதில் அவர் ஆறாம் பக்கத்து அட்டவணையில் நிற்கிறார். மூன்று வரிசைகள். செயற்கையாகப் பிழை செய்த வாக்கியங்களில் பயிற்சி பெற்ற பழைய திருத்தி, நூற்றுக்கு 71 பிழைகளைச் சரியாகத் திருத்துகிறது. அதே பழைய திருத்தியை மாணவர்களின் வாக்கியங்களில் பயிற்றுவித்தால் 82. அதன் மேல் புதிய முறையையும் சேர்த்தால் 83.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கிடைத்த முன்னேற்றம் 12. அதில் 11 தரவிலிருந்து வந்தது, 1 மட்டுமே முறையிலிருந்து வந்தது. கணினி 'ல'வை 'ள'வாக மாற்றிச் செய்த போலிப் பிழைக்கும், ஒரு மாணவன் காதால் கேட்டபடி எழுதிய பிழைக்கும், சந்தியில் ஒற்று விட்டுப்போன பிழைக்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது என்பதைத்தான் இந்த அட்டவணை சொல்கிறது. எழுதியவர்கள் கண்டுபிடித்ததை விட்டுவிட்டு வேறொன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் இது அரிய நோய் அல்ல. தரவு திரட்டுவது கூலி வேலை, முறை கண்டுபிடிப்பதுதான் மூளை வேலை என்ற எண்ணம் துறையில் ஊறிப்போயிருப்பதால், மாதக்கணக்கில் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிய உழைப்பு ஒரு பத்தியில் ஒளிந்துகொள்கிறது.

இதை நல்ல நடை, மோசமான நடை என்ற கேள்வியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது எளிது. இந்தக் கட்டுரையின் நடை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, இலக்கணப் பிழை இல்லை. இருந்தும் பங்களிப்பு மங்கலாக இருக்கிறது. தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை ஒன்று, 'நாங்கள் இதைச் செய்தோம், ஆதாரம் நான்காம் பகுதியில் இருக்கிறது' என்று முதல் பக்கத்திலேயே ஒவ்வொரு கூற்றையும் அதன் சான்றோடு முடிச்சுப் போட்டிருக்கலாம். தெளிவுக்கு மதிப்பெண் என்று படிவம் கேட்பது இரண்டாவதற்கு.

அடுத்தது புதுமை. சுருக்கத்தில் இருக்கும் 'முதல்முறையாக' என்ற சொல்லை மதிப்பாய்வாளர் அடிக்கோடிடுகிறார். அந்தச் சொல்லுக்கு எல்லை எங்கே என்று பார்ப்பதுதான் வேலை. எதில் முதல்முறை? தமிழிலா, உலகத்திலா? வேர்ச்சொல்லையும் விகுதியையும் தனித்தனியாக வைத்துப் பிழை திருத்துவது உலகத்துக்குப் புதிதல்ல. தமிழைப் போலவே விகுதிகளை அடுக்கிக்கொண்டு போகும் மொழி ஹங்கேரியன். அதற்காக லாஸ்லோ நேமெத் உருவாக்கிய ஹன்ஸ்பெல் இதைத்தான் செய்கிறது. லிபரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் பிழை திருத்தியாக இருப்பது அதுதான். தமிழ்ச் சொற்களை உருபுகளாகப் பிரிக்கும் வேலையும் நடந்திருக்கிறது. இலங்கை ஆய்வாளர்கள் முன்னின்று உருவாக்கிய 'தமிழிமார்ஃப்' அதற்கு ஓர் உதாரணம். கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் இவை எதுவும் இல்லை.

ஆக, புதுமை இல்லை என்று எழுதிவிடலாமா? மோசமான மதிப்பாய்வுகள் பிறக்கும் இடம் இதுதான். 'புதுமை போதாது' என்ற இரண்டு சொல்லை எழுத இரண்டு நொடி போதும். அதற்கு எழுதியவர்களால் பதில் சொல்லவே முடியாது. புதுமை இல்லை என்பவர் முன்பு யார், எங்கே, இதில் எந்தப் பகுதியைச் செய்தார் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது கருத்து, தீர்ப்பல்ல. கணினி மொழியியல் மாநாடுகளுக்கான பொது மதிப்பாய்வு அமைப்பு, மதிப்பாய்வாளர்களுக்குத் தந்திருக்கும் வழிகாட்டியில் இப்படிப்பட்ட சோம்பல் காரணங்களைப் பட்டியலே போட்டிருக்கிறது. 'முறை மிக எளிமையாக இருக்கிறது' என்பது அதில் ஒன்று. சிக்கலைத் தீர்ப்பதுதான் நோக்கம், சிக்கலான வழியில் தீர்ப்பதல்ல என்பது அதற்கு மறுப்பு. 'முடிவு ஆச்சரியமாக இல்லை' என்பது இன்னொன்று. ஒன்றைக் கேட்டவுடன் 'இது தெரிந்ததுதானே' என்று தோன்றுவது வேறு, கேட்பதற்கு முன்பே யாராவது நிரூபித்து வைத்திருப்பது வேறு.

நம் மதிப்பாய்வாளர் அதனால் ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதுகிறார். பிரித்துத் திருத்தும் யோசனை: பழையது, சான்று ஹன்ஸ்பெல். அதை நரம்பு வலையில் செய்தது: சிறிய மாற்றம், பலன் 1. மாணவர்களின் உண்மையான பிழைத் தொகுப்பு: ஒரு மாலை முழுக்கத் தேடியும் இதற்கு இணையான தமிழ்த் தொகுப்பு அவர் கண்ணில் படவில்லை. போலிப் பிழையில் பயின்ற திருத்தி உண்மைப் பிழையில் தடுமாறுகிறது என்ற அளவீடு: தமிழுக்கு இதுவும் புதிது. சுருக்கம் புதிது என்று சொன்னது பழையதாகவும், பேசாமல் விட்டது புதிதாகவும் முடிந்திருக்கிறது.

இப்போதுதான் பொருத்தம் என்ற கேள்விக்கு அர்த்தம் வருகிறது. எது பங்களிப்பு என்று தெரியாமல் அது எந்த மண்டபத்தில் பேசப்பட வேண்டும் என்று சொல்ல முடியாது. புதிய முறை என்று பார்த்தால் இந்தக் கட்டுரை பலவீனமானது. தரவுத் தொகுப்பு என்று பார்த்தால் அதே மாநாட்டின் மொழி வளங்களுக்கான பிரிவு இதற்குச் சரியான இடம். இத்தகைய தொகுப்புகளுக்கென்றே 1998 முதல் நடந்துவரும் எல்ரெக் மாநாடும் இருக்கிறது. திராவிட மொழிகளின் தொழில்நுட்பத்துக்கு 2021இல் தொடங்கிய பட்டறையும் இருக்கிறது. மூன்று இடத்திலும் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு. பட்டறையில் இருப்பவர்களுக்குத் தமிழ் விகுதிகளை விளக்க வேண்டியதில்லை, நேரே பிழை வகைகளுக்குப் போகலாம். பெரிய மாநாட்டில் இருப்பவர்களுக்கு, போலிப் பிழையில் பயிற்றுவிப்பது துருக்கி மொழிக்கும் ஃபின்னிஷுக்கும் இதே சிக்கலைத் தருமா என்ற கேள்வி முக்கியமாகப் படும்.

பொருத்தம் என்பது மதிப்பாய்வாளரின் ரசனை அல்ல. மாநாட்டுக் குழு வெளியிடும் அழைப்பில் தலைப்புகள் பட்டியலாக இருக்கும். கடந்த ஆண்டுகளில் ஏற்ற கட்டுரைகள் இருக்கும். அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். 'தமிழில் மட்டும்தான் சோதித்திருக்கிறார்கள், மற்ற மொழிகளுக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை' என்று தள்ளிவிடும் பழக்கமும் அந்தச் சோம்பல் பட்டியலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த கட்டுரைகளுக்கு யாரும் இந்தக் கேள்வியைப் போடுவதில்லையே என்பதுதான் வழிகாட்டியின் வாதம்.

இந்த மூன்று கேள்விகளோடு சான் அன்டோனியோவுக்குத் திரும்பினால் அந்த நிராகரிப்பு வேறு மாதிரித் தெரிகிறது. அக்காலத்து மீயுரை அமைப்புகள் பலவற்றில் இணைப்புகள் ஆவணத்துக்குள் இருக்காது. தனியே ஒரு கிடங்கில் இருக்கும், இரு திசையிலும் போகலாம், அறுந்துபோகாது. வெப் அந்தக் கிடங்கைத் தூக்கிப் போட்டது. இணைப்பு ஒரு வழிப்பாதை, மறுமுனையில் ஆவணம் இல்லாவிட்டால் இல்லைதான். இன்று யாவரும் பார்க்கும் '404' அங்கிருந்து வந்ததுதான். நல்ல மீயுரை அமைப்பு என்ற அளவுகோலை வைத்தால் இது குறையுள்ள பொருள். ஆனால் அந்தக் கிடங்கு இல்லாததால்தான், யாரிடமும் அனுமதி கேட்காமல் யார் வேண்டுமானாலும் இன்னொருவர் பக்கத்துக்கு இணைப்பு கொடுக்க முடிந்தது. பங்களிப்பு அந்த விட்டுக்கொடுத்தலில் இருந்தது. முந்தைய வேலைகளைப் போதிய அளவு சொல்லாத கட்டுரையில், 'அவர்கள் வைத்திருந்ததை நாங்கள் ஏன் விட்டோம்' என்ற வாதம் எடுபட வழியில்லை. கொள்கையை மீறுகிறது என்று கவனித்தவர் கண்ணில் பட்டது சரியான இடம்தான். அவர் அதைப் புதுமைக் கட்டத்தில் எழுதாமல் குறைக் கட்டத்தில் எழுதிவிட்டார்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இந்த வேலைக்கு ஓர் எல்லை உண்டு. அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இன்று நியூரிப்ஸ் என்று அழைக்கப்படும் இயந்திரக் கற்றல் மாநாட்டின் 2014ஆம் ஆண்டு நிகழ்ச்சித் தலைவர்கள் கொரின்னா கோர்டெஸும் நீல் லாரன்ஸும் ஒரு சோதனை வைத்தார்கள். வந்த கட்டுரைகளில் சுமார் பத்தில் ஒரு பங்கை, ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். மொத்தம் 166 கட்டுரைகள். இரண்டு குழுவும் வேண்டாம் என்றவை 101. இரண்டும் வேண்டும் என்றவை 22. மீதி 43இல் ஒரு குழு ஆம் என்றது, மற்றது இல்லை என்றது.

மேலோட்டமாகப் பார்த்தால் நான்கில் மூன்று கட்டுரைகளில் ஒத்துப்போயிருக்கிறார்கள், பரவாயில்லை என்று தோன்றும். ஏற்கப்பட்டவற்றை மட்டும் பார்த்தால் நிலைமை வேறு. ஒரு குழு ஏற்ற கட்டுரைகளில் ஏறக்குறைய பாதியை மற்றக் குழு தள்ளியிருக்கிறது. பின்னர் அவ்விருவரும் இந்தக் கட்டுரைகளின் கதி என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்து எழுதினார்கள். மோசமான கட்டுரையை அடையாளம் காண இந்த முறைக்குத் தெரிகிறது, நல்லவற்றுக்குள் எது மேல் என்று சொல்லத் தெரியவில்லை என்பது அவர்கள் வந்த முடிவு. 2021இல் அதே மாநாடு பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோதும் முரண்பாட்டின் அளவு கிட்டத்தட்ட அதேதான்.

ஒரே கட்டுரையை ஒருவர் தரவுத் தொகுப்பாகவும் இன்னொருவர் பலவீனமான முறையாகவும் படித்தால் மதிப்பெண் எப்படி ஒத்துப்போகும்? அதனால்தான் மாநாட்டுத் தலைவர்கள் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பு மதிப்பாய்வின் முதல் பத்தியைப் படிக்கிறார்கள். கட்டுரை என்ன சொல்கிறது என்று மதிப்பாய்வாளர் தன் சொற்களில் எழுதும் சுருக்கம் அது. மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கட்டுரைகளைப் படித்ததுபோல அந்தச் சுருக்கங்கள் இருந்தால், மதிப்பெண்களின் சராசரிக்கு அர்த்தமில்லை; மூவரையும் பேச வைக்க வேண்டும்.

நம் மதிப்பாய்வாளரும் அந்தப் பத்தியில்தான் அதிக நேரம் செலவிடுகிறார். கடைசியில் அவர் அனுப்புவது சுமார் ஒரு பக்கம். 'இந்தக் கட்டுரையின் வலுவான பகுதி, பள்ளி மாணவர்களின் உண்மையான பிழைத் தொகுப்பும், போலிப் பிழைகளில் பயின்ற திருத்திகள் அதில் எவ்வளவு பின்தங்குகின்றன என்ற அளவீடும். ஆறாம் பக்கத்து அட்டவணையின்படி 12 புள்ளி முன்னேற்றத்தில் 11 இதிலிருந்து வருகிறது. சுருக்கமும் முன்னுரையும் முறையை முதன்மைப்படுத்துவது இந்த முடிவோடு ஒத்துப்போகவில்லை. முதல்முறை என்ற கூற்றை ஹன்ஸ்பெல், தமிழிமார்ஃப் ஆகியவற்றோடு ஒப்பிட்டு எல்லை வகுக்க வேண்டும். பிழைகளைக் குறித்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போனது என்பதைச் சொன்னால் தொகுப்பின் தரத்தை எடைபோட முடியும்.' எங்கும் 'நீங்கள்' என்று எழுதியவர்களைச் சுட்டவில்லை, பேச்செல்லாம் கட்டுரையோடுதான். ஒவ்வொரு குறைக்கும் பக்க எண்ணோ பெயரோ இருக்கிறது, திருத்த ஒரு வழியும் இருக்கிறது.

குழுத் தலைவருக்கு மட்டும் தெரியும் பெட்டியில் இன்னொரு வரி: மொழி வளங்கள் பிரிவுக்கு மாற்ற முடியுமானால் ஏற்கலாம், முறைகள் பிரிவிலேயே வைத்துப் பார்த்தால் பரிந்துரைக்க முடியாது. தன் தீர்ப்பில் எவ்வளவு உறுதி என்று படிவம் கேட்கிறது. தமிழ் தெரியும், நரம்பு வலைகளில் பழக்கம் உண்டு, தரவுத் தொகுப்பு உருவாக்கியதில்லை. ஐந்துக்கு மூன்று என்று போட்டுவிட்டு அனுப்புகிறார். வரிசையில் இன்னும் நான்கு கட்டுரைகள் காத்திருக்கின்றன. அடுத்ததைத் திறக்கிறார். சுருக்கத்தின் இரண்டாம் வரியிலேயே 'முதல்முறையாக' என்று இருக்கிறது.